நிஃப்டி பச்சையில் இருந்தாலும் ஏறிய பங்குகளை எண்ணிவிட்டு வாங்குங்கள்

புதிதாகப் பங்கு வாங்கும் முன், நிஃப்டி 500 குறியீட்டிலுள்ள பங்குகளில் கடைசி 10 நாட்களில் தினமும் எத்தனை ஏறின, எத்தனை இறங்கின என்ற எண்ணிக்கைகளைத் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். இறங்கியவை அதிகம் என்றால் புது வாங்கல் வேண்டாம்.

நிஃப்டியில் பெரிய நிறுவனங்களுக்கு எடை அதிகம். ரிலையன்ஸ், எச்டிஎஃப்சி பேங்க் போன்ற சில பங்குகள் ஏறினாலே குறியீடு உயர்ந்துவிடும். அன்று 170 ஏறி 330 இறங்கியிருந்தால், நீங்கள் வாங்கும் பங்கும் இறங்கும் கூட்டத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். கடலூரில் கடையைக் கவனித்தபடி வர்த்தகம் செய்பவர்கள் மாலை 3.30-க்கு அப்புறம் பார்த்தால் போதும்; காலை எண்ணிக்கை நிலைக்காது.

கையிலுள்ள பங்கை விற்க இது காரணமல்ல. எஸ்ஐபிக்கும் பொருந்தாது. பெரும் சரிவின் அடியில் இந்தக் கணக்கு மிக மோசமாகவே இருக்கும், அதனால் அங்கே வாங்க நினைப்பவர்களுக்கு உதவாது.