காப்பக அறையில் சிலிக்கா ஜெல் டீஹியூமிடிஃபையர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணக் காப்பகத்தில் 20 டிகிரியில் 40% ஈரப்பதம் வேண்டும், 3% மட்டுமே ஏறி இறங்கலாம் என்று முடிவாகிவிட்டால், சாதாரண ஏசியை நம்பி உட்கார முடியாது. அந்தக் காற்றின் பனிநிலையே ஏறக்குறைய 6 டிகிரி. குளிர்ச் சுருள் அதற்கும் கீழே போனால்தான் நீர் பிரியும். இன்னும் வறண்ட அறை கேட்டால் சுருளில் பனி கட்ட ஆரம்பித்துவிடும். அதனால்தான் சிலிக்கா ஜெல் பூசிய சக்கரம் சுழலும் டெசிகன்ட் எந்திரத்துக்குப் போகிறோம். சக்கரத்தின் பெரும்பகுதி வழியாக அறைக்காற்று போய் ஈரத்தை விட்டுவிட்டு வரும். மீதிப் பகுதி வழியாக, ஹீட்டரில் 100 டிகிரிக்கு மேல் சூடேற்றிய வேறொரு காற்று போய் அந்த ஈரத்தைச் சுமந்து வெளியேறும். இதை ரீஜெனரேஷன் காற்று என்பார்கள்.

அதிகம் கோட்டை விடுவது இந்த இரண்டாவது காற்றில்தான். அது எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

சிறிய எந்திரங்களில் பல, இரண்டு காற்றையும் அறையிலிருந்தே எடுக்கும். பொருத்துவது சுலபம்: சுவரில் ஒரு துளை போட்டு, ஈரக்காற்றை ஒரு டக்ட் வழியாக வெளியே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அறையிலிருந்து வெளியே போகும் அளவு காற்று, கதவிடுக்கு, கேபிள் துளை, கூரை விரிசல் என்று கிடைத்த வழியில் வெளியிலிருந்து உள்ளே வந்தே தீரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறையின் கொள்ளளவு 300 கன மீட்டர். உள்ளே ஒரு கிலோ காற்றில் 5.8 கிராம் நீராவி இருக்க வேண்டும் (20 டிகிரி, 40%). வெளியே 28 டிகிரி, 80% என்றால் அது சுமார் 19 கிராம். ஓரளவு நன்றாக மூடிய அறையில் மணிக்கு 30 கன மீட்டர் காற்று கசிகிறது என்று வைத்துக்கொண்டால், அதோடு வரும் நீர் மணிக்கு அரைக் கிலோகூட இல்லை. எந்திரம் மணிக்கு 450 கன மீட்டர் அறைக்காற்றை உலர்த்துகிறது, கிலோவுக்கு 3.8 கிராம் எடுக்கிறது என்றால், மணிக்குச் சுமார் 2 கிலோ நீர். தாராளமாகப் போதும்.

இப்போது அதே எந்திரம் ரீஜெனரேஷனுக்காக மணிக்கு 150 கன மீட்டரை அறையிலிருந்தே உறிஞ்சி வெளியே விடுகிறது என்று வையுங்கள். அதற்கு ஈடாக உள்ளே வரும் வெளிக்காற்று கொண்டுவரும் நீர் மணிக்குச் சுமார் 2.4 கிலோ. எடுப்பது 2, வருவது 2.4. ஓட்டைப் படகில் நீர் இறைக்கிற கதைதான். ஹீட்டர் அணையவே அணையாது. ஈரப்பதமோ 45-ஐ ஒட்டி நின்றுவிடும். பலரும் இந்த இடத்தில் எந்திரம் போதவில்லை என்று முடிவு கட்டி, இதைவிடப் பெரியதை வாங்குகிறார்கள். அது இன்னும் அதிகக் காற்றை வெளியே தள்ளும்.

கண்டுபிடிக்க ஒரு டிஷ்யூ தாள் துண்டு போதும். எந்திரம் ஓடும்போது மூடிய கதவின் அடி இடுக்கில் உள்பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். தாள் அறைக்குள்ளே பறந்தால் அறை வெளிக்காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். ரீஜெனரேஷன் காற்றைத் தனி டக்ட் வழியாக வெளியிலிருந்தே எடுத்து, வெளியிலேயே விடுவதுதான் தீர்வு. எடுக்கும் வாயும் விடும் வாயும் தள்ளித் தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் இப்போதுதான் விட்ட ஈரக்காற்றையே எந்திரம் திரும்பக் குடிக்கும். வெளியேறும் டக்டில் ஈரம் குளிர்ந்து நீராகப் படியும் என்பதால், அது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். எந்திரத்தை நோக்கிச் சரிந்தால் அந்த நீர் சக்கரத்துக்கே ஓடிவரும்.

அடுத்த தவறு, மீட்டரில் தெரியும் சதவீதத்தை அப்படியே நம்புவது. எந்திரம் எடுப்பது கிராம். மீட்டர் காட்டுவது வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும் சதவீதம். சிலிக்கா ஜெல் ஈரத்தைப் பிடிக்கும்போது வெப்பம் வெளிவரும், சூடான சக்கரமும் கொஞ்சம் சேர்க்கும். மேலே சொன்ன எந்திரத்திலிருந்து காற்று 33, 34 டிகிரியில் வெளிவருவது சாதாரணம். கிட்டத்தட்ட 2 கிலோவாட் ஹீட்டரை அறைக்குள் வைத்தது போல. ஏசி அதைச் சமாளிக்காமல் அறை 20-லிருந்து 22 டிகிரிக்கு ஏறினால், ஒரு கிராம் நீரும் வெளியேறாமலே 40% என்பது 35% ஆகத் தெரியும். 'நன்றாக உலர்ந்துவிட்டது' என்று எந்திரம் நிற்கும். அப்புறம் ஏசி அறையைக் குளிர்விக்கும், ஈரப்பதம் ஏறும், எந்திரம் மறுபடி கிளம்பும். இரண்டும் மாறி மாறிச் சண்டை போடுவதை, ஈரப்பதத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும் லாகர் கருவியின் வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரிப் பார்க்கலாம். பனிநிலையை வைத்தோ ஒரு கிலோ காற்றிலுள்ள கிராமை வைத்தோ எந்திரத்தை ஓட்டினால் இந்தச் சண்டை ஓயும். உலர்ந்த காற்றை ஏசியின் குளிர்ச் சுருளுக்கு முன்னால் கலந்துவிட்டால் சூடும் அங்கேயே அடங்கும்.

அந்தக் காற்றை நேராக அறைக்குள் ஊதுவதும் ஆபத்து. 33 டிகிரியில் கிலோவுக்கு 2 கிராம் என்றால் அதன் ஈரப்பதம் வெறும் 6%. அறையின் நடுவில் மீட்டர் 40 காட்டும். கிரில்லுக்கு எதிரே இருக்கும் அலமாரியில் தோல் காகிதம் சுருண்டுகொண்டிருக்கும்.

சரி, எல்லாம் ஒழுங்காகப் பொருத்தியாயிற்று. இனி வரும் தவறு அவசரப்படுவது. 300 கன மீட்டர் காற்றில் இருக்கும் நீர் மொத்தமே 2 கிலோதான். அதே அறையில் 20 டன் காகிதம் 55 சதவீதத்தில் பழகியிருந்தால், 40-க்கு வர அது விட வேண்டிய நீர் தோராயமாக 300 கிலோ. காற்று ஒரே மதியத்தில் 40-க்கு வந்துவிடும், காகிதம் வராது. எந்திரத்தை நிறுத்திப் பாருங்கள், வெளிக்காற்று வராவிட்டாலும் மீட்டர் ஏறும். அது பழுதல்ல, பெட்டிகள் ஈரத்தை விடுகின்றன. சீக்கிரம் முடிக்கலாம் என்று செட்பாயின்ட்டை 30-க்கு இறக்குபவர்களும் உண்டு. அப்போது பெட்டியின் வெளிப்புறத் தாள்கள் வறண்டு சுருங்க, உள்ளே இருப்பவை பழைய ஈரத்திலேயே இருக்கும். இப்படி ஒரே கட்டில் ஏற்படும் வேறுபாடுதான் பைண்டிங்கையும் புகைப்படத்தின் ஜெலட்டின் படலத்தையும் இழுக்கிறது. செட்பாயின்ட்டைச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் இறக்குங்கள். ஒரு லாகரை மூடிய பெட்டிக்குள்ளேயே வைத்து, அது இறங்கிய பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

கடைசியாக சென்சார். சந்தையில் கிடைக்கும் பலவற்றின் பிழையே 2, 3 சதவீதம். அனுமதித்த ஏற்ற இறக்கமும் 3% என்றால், சரிபார்க்காத சென்சாரை வைத்துக்கொண்டு அந்த வரம்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. மெக்னீசியம் குளோரைடைக் கொஞ்சம் நீரில் குழைத்து, உப்பு முழுதும் கரையாத சேறு போல ஒரு மூடிய ஜாடியில் வையுங்கள். 20 டிகிரியில் மேலிருக்கும் காற்று 33 சதவீதத்தில் நிற்கும். சாப்பாட்டு உப்பில் அதுவே 75. சென்சார் உப்பைத் தொடாமல் ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் இரண்டு இடத்திலும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40-க்கு அருகே வேலை செய்யும் அறைக்கு 33-இல் வரும் பிழைதான் முக்கியம். சென்சாரைக் கதவருகேயும் கிரில்லுக்கு எதிரேயும் வைக்க வேண்டாம். அறைக்காற்று எந்திரத்துக்குத் திரும்பும் பாதை நல்ல இடம்.