‘ஆனா’வை வெட்டாதீர்கள்: தீபாவளி விளம்பரத்தில் வாடிக்கையாளர் வார்த்தைகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வீட்டுப் பலகாரம் விற்பவர்கள் போன வருட வாட்ஸ்அப் மெசேஜ்களைத் துழாவ ஆரம்பிப்பார்கள். நல்லதாக நாலு வார்த்தை கிடைத்தால் எடுத்து, கொஞ்சம் திருத்தி, போஸ்டரில் போட்டுவிடலாம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். இன்று அவர்களுக்குப் புத்தி சொல்கிறவர்களும் ஒரு காலத்தில் அங்கேயே வழுக்கியவர்கள்தான்.

இல்லாத வாடிக்கையாளரை உருவாக்காதே, மைத்துனரை விட்டு எழுத வைக்காதே என்பதையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. அதைச் செய்கிறவர்களுக்கு அது தப்பென்று தெரியும். உண்மையான மெசேஜை வைத்துக்கொண்டு, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் செய்கிற தவறுகள்தான் இங்கே விஷயம்.

சத்தமான பாராட்டைத் தேர்ந்தெடுப்பது

“சூப்பர்க்கா”, “செம டேஸ்ட்”, பக்கத்தில் பத்து இதயம். பார்க்க அழகு, விற்பனைக்கு உதவாது. போஸ்டரைப் பார்க்கிறவருக்குச் சந்தேகங்கள் இருக்கின்றன: முறுக்கு நொறுங்கி வருமா, பழைய எண்ணெய் வாடை இருக்குமா, பண்டிகைக்கு முன்னால் வந்து சேருமா, ஒரு கிலோ என்றால் பெட்டியில் எத்தனை இருக்கும். வாங்குவதற்கு முன் உங்களிடம் வந்த விசாரணை மெசேஜ்களில் ஐம்பதைப் படித்தாலே இந்தச் சந்தேகங்கள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பதிலாக ஒரு மெசேஜ் தேடுங்கள். “பெட்டியைத் திறந்தேன், ஒண்ணுகூட உடையல” என்ற ஒரு வரி பத்து சூப்பருக்குச் சமம்.

அப்படி ஒரு வரி கிடைக்கவில்லையா? அடுத்த முறை “எப்படி இருந்தது?” என்று கேட்காமல், “பெட்டியைத் திறந்தப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் தானாகவே விவரமாக வரும்.

நிபந்தனையை வெட்டுவது

இந்தத் துறையில் ஆக அதிகம் காசு கரைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறும் இதுதான், ஏனென்றால் செய்கிறவர் இதை எடிட்டிங் என்று நினைத்துச் செய்கிறார்.

ஒரு மெசேஜை எடுத்துக்கொள்வோம். 2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. 29ஆம் தேதி ராத்திரி ஒரு வாடிக்கையாளர் எழுதுகிறார்:

“அக்கா பார்சல் இன்னைக்கு வந்துச்சு. முருக்கு ஒண்ணுகூட உடையல சூப்பர். அதிரசம் நல்லா சாஃப்டா இருக்கு ஆனா எண்ணெ கொஞ்சம் ஜாஸ்தின்னு அத்தை சொன்னாங்க. 19ஆம் தேதியே ஆர்டர் போட்டதால ரெண்டு நாள் முன்னாடியே கைக்கு வந்துருச்சு. பொங்கலுக்கும் உங்ககிட்டதான்.”

புதியவர் கையில் இது இப்படி ஆகும்: “முறுக்கு ஒண்ணுகூட உடையல, சூப்பர்! அதிரசம் நல்லா சாஃப்ட்! ரெண்டு நாள் முன்னாடியே கைக்கு வந்துருச்சு!!”

ஒரு வார்த்தைகூடப் புதிதாகச் சேர்க்கவில்லை, எல்லாம் அவர் சொன்னதுதான் என்று வாதாடலாம். ஆனால் ‘19ஆம் தேதியே ஆர்டர் போட்டதால’ என்ற நான்கு வார்த்தை போனதும் வாக்கியத்தின் அர்த்தமே மாறிவிட்டது. வாடிக்கையாளர் சொன்னது, சீக்கிரம் ஆர்டர் போட்டால் நேரத்துக்கு வரும் என்பது. போஸ்டர் சொல்வது, இந்தக் கடையில் வாங்கினால் நேரத்துக்கு வரும் என்பது. முதலாவது அனுபவம், இரண்டாவது வாக்குறுதி.

அந்த வாக்குறுதியை 2025இல் அப்படியே போட்டிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. இரண்டு நாள் முன்னால் என்றால் சனிக்கிழமை. ஞாயிறு பல கூரியர்களில் டெலிவரி கிடையாது, ஆகவே சனிக்கிழமை தவறினால் திங்களன்றுதான், அதாவது பண்டிகையன்றுதான் பார்சலை எதிர்பார்க்கலாம். போஸ்டரை நம்பி 15, 16ஆம் தேதி ஆர்டர் போடுகிறவர் ஏமாறுவார். பணத்தைத் திருப்பிக் கேட்பார். பெட்டி திரும்பி வரும்போது அதிரசம் நான்கைந்து நாள் லாரியில் சுற்றியிருக்கும், வேறு யாருக்கும் விற்க முடியாது. சரக்கு, போக, வர கூரியர், திருப்பிய பணம் எல்லாம் நான்கு வார்த்தைக்குக் கொடுத்த விலை. இவ்வளவுக்கும், அந்த நான்கு வார்த்தைதான் அந்த மெசேஜிலேயே கடைக்கு ஆக அதிகம் உதவும் பகுதி. ‘சீக்கிரம் ஆர்டர் போடுங்கள்’ என்று கடைக்காரர் கத்துவதைவிட, போட்டுப் பலன் கண்டவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான். இங்கே கைக்கொள்ள வேண்டிய விதி எளிது: ஒரு விஷயத்தை முழுசாக விடலாம், பாதியை விடக் கூடாது. முறுக்கைப் பற்றி மட்டும் போடுகிறீர்களா, அதிரசப் பேச்சை மொத்தமாக எடுத்துவிடுங்கள், அதில் பொய் இல்லை. அதிரசம் சாஃப்ட் என்று போடுகிறீர்களா, எண்ணெயும் கூடவே வர வேண்டும். ‘ஆனா’வுக்கு முன்னால் வெட்டுகிற கத்தரி எப்போதும் சந்தேகத்துக்குரியது. நடுவில் மூன்று புள்ளி வைத்துவிட்டால் நேர்மையாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். விட்டது என்ன என்பதைப் புள்ளிகள் சொல்லாது.

ஆகவே மேலே உள்ள மெசேஜில் சரியான திருத்தம் இது: “முறுக்கு ஒண்ணுகூட உடையல, சூப்பர். 19ஆம் தேதியே ஆர்டர் போட்டதால ரெண்டு நாள் முன்னாடியே கைக்கு வந்துருச்சு.” கீழே சின்ன எழுத்தில், ஆனால் படிக்கிற அளவில்: “2024 தீபாவளி ஆர்டர். அந்த ஆண்டு பண்டிகை அக்டோபர் 31.” அதற்குப் பக்கத்தில் இந்த வருடத்துக்கான உங்கள் கடைசித் தேதி. எழுத்துப்பிழை ஒன்று திருந்தியது, அதிரசமும் முதல், கடைசி வரிகளும் முழுசாகப் போயின, காற்புள்ளி வந்தது. அவ்வளவுதான் திருத்தம்.

சந்தேகம் வந்தால், திருத்தியதை எழுதியவருக்கே அனுப்புங்கள். “ஆமா, இதத்தான் சொன்னேன்” என்று வந்தால் சரி. “நான் இப்படியா சொன்னேன்?” என்று சிரிக்கும் குறி போட்டு வந்தாலும், அது சம்மதம் இல்லை.

பேச்சை உரைநடையாக்குவது

“நல்லா இருந்துச்சு” என்பதை “மிகவும் சுவையாகவும் மொறுமொறுப்பாகவும் இருந்தது” என்று மாற்றுகிறவர் இரண்டு தப்புச் செய்கிறார். ‘மிகவும்’ அவர் சொல்லாதது, ‘மொறுமொறுப்பு’ அவர் சொல்லாதது. அதோடு, வாட்ஸ்அப்பில் யாரும் அப்படி எழுதுவதில்லை என்பது படிக்கிறவருக்குத் தெரியும். உண்மையான மெசேஜே பொய் வாடை அடிக்க ஆரம்பிக்கும்.

‘முருக்கு’ முறுக்கு ஆகலாம். ஒரே வாக்கியம் இருமுறை வந்தால் ஒன்று போகலாம். கோயம்புத்தூர்க்காரரின் ‘ங்க’ போகக் கூடாது. “மிக்சர் பரவாயில்ல” என்பது எழுத்தில் சிக்கலான பாராட்டு, வியந்தும் சொல்லலாம், மனசில்லாமலும் சொல்லலாம். அதை ‘அருமை’ ஆக்காதீர்கள். எந்த அர்த்தம் என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் அந்த மெசேஜே வேண்டாம். அவர் வைக்காத ஆச்சரியக்குறியும் நீங்கள் சேர்த்த வார்த்தைதான்.

உடம்பைப் பற்றிய பாராட்டு

“அப்பாவுக்குச் சுகர். உங்க கருப்பட்டி அதிரசம்ங்கறதால பயமில்லாம நாலு சாப்பிட்டார், ஏறவே இல்ல.” நெஞ்சைத் தொடும் மெசேஜ், கண்டிப்பாகப் போடக் கூடாதது. கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளின்படி, ஒரு திட உணவைச் சர்க்கரை இல்லாதது என்று சொல்ல 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. அதிரசம் அந்தப் பக்கமே போகாது.

‘நான் சொல்லலையே, அவர்தானே சொன்னார்’ என்பது இங்கே செல்லாது. போஸ்டரில் ஏறிய நிமிடமே அது உங்கள் விளம்பரம். நீங்கள் சொல்லக் கூடாததை வாடிக்கையாளர் வாயால் சொல்ல வைக்க முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள், பரிந்துரை என்பது சொல்கிறவரின் உண்மையான, ஓரளவு அண்மைக்காலக் கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதே வாடிக்கையாளர் “கருப்பட்டி வாசம் நல்லா தெரிஞ்சது” என்றும் எழுதியிருந்தால், அதைத் தாராளமாகப் போடுங்கள்.

செய்முறை மாறிய பிறகும் பழைய பாராட்டு

போன வருடம் நெய், இந்த வருடம் கடலை எண்ணெய் என்றால் போன வருடப் பாராட்டு வேறொரு பலகாரத்துக்குரியது. எடுத்துவிடுங்கள்.

இரண்டு பேர் சொன்னதை ஒருவர் வாயில் போடுவது

வேண்டாம்.

தள்ளுபடி கொடுத்து வாங்கிய மெசேஜ்

கூப்பனோ இலவசப் பெட்டியோ கொடுத்திருந்தால் அதையும் போஸ்டரிலேயே சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் மெசேஜைப் போடாதீர்கள்.

சம்மதம் வாங்கினோம் என்று நினைத்துக்கொள்வது

“போட்டுக்கலாமா அக்கா?” “ம், போட்டுக்கோங்க.” இது எதற்குச் சம்மதம் என்று இருவருக்கும் தெரியாது. ஸ்டேட்டஸில் ஒரு நாள் வருவதற்கா, காசு கொடுத்து ஊர் முழுக்கக் காட்டும் விளம்பரத்துக்கா? கேட்கும்போதே திருத்திய வாசகத்தை அனுப்பி, இப்படிக் கேளுங்கள்: “கீழ இருக்கிறது உங்க வார்த்தைங்க. இதை தீபாவளி வரைக்கும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துல, உங்க பேரோட முதல் எழுத்து, ஊர் பேரோட போடலாமா? ஏதாவது எடுக்கணும்னா சொல்லுங்க.” ஸ்க்ரீன்ஷாட் என்றால் நம்பரும் முகப்புப் படமும் மறைய வேண்டும். மூல மெசேஜையும் சம்மதத்தையும் ஒரே ஃபோல்டரில் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகத்தை அனுப்பிக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. “பொண்ணுக்குத் தலை தீபாவளி சீருக்கு வாங்கினோம். 450 ரூபாய்ப் பெட்டின்னு யாருமே நம்பல, சம்பந்தி வீட்ல அசந்துட்டாங்க.” மெசேஜாகப் படிக்கும்போது இது கடைக்குப் பெருமை. பேர், ஊரோடு போஸ்டரில் வந்தால் சம்பந்தி வீட்டாரும் பார்ப்பார்கள், சீர்ப்பெட்டியின் விலையோடு சேர்த்து. எழுதியவருக்கு அனுப்பும் நேரத்தில் அவரே சுதாரித்து, “ஐயோ, விலையும் ஊரும் வேணாம்” என்பார். இரண்டையும் எடுத்தபின் மிஞ்சுவது: “பொண்ணுக்குத் தலை தீபாவளி சீருக்கு வாங்கினோம். சம்பந்தி வீட்ல அசந்துட்டாங்க.” விலை என்ற ஒரு விஷயம் முழுசாகப் போயிருக்கிறது, சொன்னது எதுவும் திரியவில்லை. விலையைப் போஸ்டரின் கீழே, கடைக்காரர் தன் சொந்தக் குரலில் போட்டுக்கொள்ளலாம்.