டிரையரின் ஆயுள் குறைந்தால் தேய்மானத்தை எங்கிருந்து மாற்றுவது?

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்குக் கணக்கு எழுதுகிறேன். கூட்டாளிகள் சேர்ந்து நடத்துவது. 2024 மார்ச்சில் ஃபிட்டர் அண்ணன் வந்து, "டிரையர் இன்னும் நாலு வருஷம் ஓடினால் பெரிய விஷயம்ங்க. ஹீட்டர் குழாயெல்லாம் அரிச்சுப் போச்சு" என்றார். புத்தகத்தில் அந்த டிரையருக்கு இன்னும் ஒன்பது வருடம் பாக்கி இருந்தது. அதைச் சரிசெய்த விதத்தை எழுதுகிறேன். நேர்கோட்டு முறைத் தேய்மானம் போடத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதலில் பழைய கணக்கு. டிரையர் 1.4.2018 அன்று 24,00,000 ரூபாய்க்கு வாங்கியது. ஆயுள் 15 வருடம், கடைசியில் ஸ்கிராப்பாக 1,20,000 கிடைக்கும் என்று வைத்திருந்தோம். மீதி 22,80,000-ஐ 15-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 1,52,000. 31.3.2024 வரை ஆறு வருடத்துக்கு 9,12,000 எழுதியாயிற்று. புத்தக மதிப்பு 14,88,000.

இந்த 14,88,000-தான் இனி நமக்குத் தொடக்கம். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆறும் நாலும் பத்து, அதனால் ஆயுள் 10 வருடம் என்று எடுத்துக்கொண்டு 22,80,000-ஐ 10-ஆல் வகுத்தேன். 2,28,000 வந்தது, பார்க்கச் சரியாகவே தெரிந்தது. நாலு வருடத்தையும் ஓட்டிப் பார்த்தபோது கடைசியில் 5,76,000 நின்றது. நிற்க வேண்டியது ஸ்கிராப் மதிப்பான 1,20,000 மட்டுமே. 4,56,000 ரூபாய் எந்த வருடத்திலும் செலவாகாமல் தொங்கியது.

உடனே அந்த 4,56,000-ஐப் போன ஆறு வருடங்களின் பாக்கியாக எழுதிவிடலாமா என்று கை போகும். கூடாது. 2018-இல் நமக்குத் தெரிந்ததை வைத்து 15 என்று கணித்தது அன்றைக்குச் சரி. இன்று புதிய விவரம் வந்திருக்கிறது, அதனால் கணிப்பு மாறுகிறது. பழைய லாபநட்டக் கணக்குகளைத் தொடக் கூடாது. வாங்கும்போதே பத்து வருடம்தான் உழைக்கும் என்ற விவரம் கையில் இருந்தும் 15 என்று எழுதியிருந்தால் அது பிழை, அதைத் திருத்தும் வழி வேறு.

சரி, இப்போது சரியான கணக்கு. புத்தக மதிப்பிலிருந்து ஸ்கிராப் மதிப்பைக் கழித்தால் 13,68,000. அதை மீதமுள்ள 4 வருடத்தால் வகுத்தால் 3,42,000. எக்செலில் இப்படி:

```
=SLN(1488000,120000,4)
```

முதல் இடத்தில் வாங்கிய விலையைப் போட்டுவிடாதீர்கள். ஸ்கிராப் மதிப்பையும் அப்படியே விடாமல் மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரும்பு வியாபாரி சொன்ன விலை ஏறக்குறைய அதேதான், அதனால் மாற்றவில்லை.

2024-25 முதல் வருடக் கடைசியில் தேய்மானச் செலவு பற்று, திரண்ட தேய்மானம் வரவு, 3,42,000. கணக்குக் குறிப்பில் ஆயுள் ஏன் மாறியது, அதனால் செலவு வருடத்துக்கு 1,90,000 கூடுகிறது என்று எழுத வேண்டும். கணக்கியல் தரநிலை 5 இதைக் கேட்கிறது. ஃபிட்டர் சொன்னதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்தேன். ஆடிட்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

சொத்துப் பதிவேட்டில் பழைய வரியை அழித்து எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அதன் கீழேயே புது வரி போட்டு, மாற்றிய தேதி, அன்றைய புத்தக மதிப்பு, மீத ஆயுள் மூன்றையும் எழுதுங்கள். அப்புறம் 31.3.2028 வரை ஓட்டிப் பாருங்கள். 1,20,000-இல் வந்து நின்றால் கணக்கு சரி.

வருமான வரிக்கான தேய்மானத்தை இதோடு குழப்ப வேண்டாம். அங்கே இயந்திரங்கள் தொகுதியாகச் சேர்ந்து, குறையும் மதிப்பின் மேல் பொதுவாக 15 சதவீதம் என்று போகும். நாம் ஆயுளை மாற்றியதால் அந்த விகிதம் மாறாது. அதற்குத் தனித் தாள் வையுங்கள்.

பின்சேர்க்கை: வருட நடுவில் தெரிய வந்தால் என்ன செய்வது என்று குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இதே டிரையருக்கு 1.10.2024 அன்று தெரிந்தது, முடிவு தேதி அதே 31.3.2028 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதத்துக்குப் பழைய கணக்கில் 76,000 எழுதுங்கள். புத்தக மதிப்பு 14,12,000 ஆகும். ஸ்கிராப் போக 12,92,000, மீதம் 42 மாதம், ஆக மாதத்துக்கு ஏறக்குறைய 30,762. இந்த மாதிரிச் சமயத்தில் வருடத்தை விட்டுவிட்டு மாதத்தில் கணக்கிடுங்கள், மூன்றரை வருடம் என்ற பின்னம் தொல்லை தராது.