சிடிசி லாஸ்: இருபது பிரேமில் இருபத்தொன்று அடங்காது

பெங்களூரு சிவாஜிநகர், அல்சூர் பக்கத்துத் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்து ஒரு பேச்சுணரி மாடலைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தோம். மாடலின் பிழையை அளக்கும் லாஸ் அழகாக இறங்கியது. ஆனால் வேகமாகப் பேசுகிறவர்கள் பேச்சில் மட்டும் வார்த்தைகள் பாதியிலேயே அறுந்தன. காரணம் தெரிய இரண்டு வாரம் ஆனது.

எந்த எழுத்து ஒலியின் எந்தச் சிறு துண்டில், அதாவது எந்த பிரேமில், ஒலிக்கிறது என்று யாரும் குறித்துத் தராமலே பயிற்சி நடக்க 2006-இல் அலெக்ஸ் கிரேவ்ஸ் குழு கொண்டுவந்த வழிதான் சிடிசி. ஒவ்வொரு பிரேமிலும் மாடல் ஒரு எழுத்தையோ ‘பிளாங்க்’ என்ற வெற்றுக் குறியையோ சொல்லும். அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்துகளை ஒன்றாக்கி, பிறகு பிளாங்க்கை நீக்கினால் வாசகம் கிடைக்கும். அந்த வாசகத்தைத் தரக்கூடிய எல்லா வழிகளின் நிகழ்தகவையும் கூட்டுவதுதான் கணக்கு. ஒரு வழிகூட இல்லையென்றால் நிகழ்தகவு பூஜ்யம், லாஸ் முடிவிலி.

எங்கள் பதிவு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் சொன்னது: “அக்கா பஸ் வந்துருச்சு”. 0.8 வினாடி. 10 மில்லிவினாடிக்கு ஒரு பிரேம் என்றால் 80 பிரேம். மாடல் அதை நான்கில் ஒன்றாகச் சுருக்கும், ஆக 20. யூனிகோடில் ‘கா’ இரண்டு குறி, ‘க்’ இரண்டு குறி. புள்ளியும் துணைக்காலும் தனித்தனி. இடைவெளிகளோடு எண்ணினால் அந்த வாசகம் 21 குறி. 20 பிரேமில் 21 குறிக்கு வழியே கிடையாது.

சரி, ஆங்கில எழுத்தில் எழுதினால்? `akka bus vandhuruchu` சரியாக 20 குறி. போதும் போலத் தெரியும், போதாது. இரண்டு `k`-யும் ஒட்டி வந்தால் ஒன்றாகிவிடும். நடுவே ஒரு பிளாங்க் கட்டாயம். தேவை மறுபடியும் 21. இந்தச் சோதனையைப் பயிற்சிக்கு முன்பே எல்லாப் பதிவுகளிலும் ஓட்டிவிட வேண்டும்:

```python
need = len(y) + sum(a == b for a, b in zip(y, y[1:]))
if T_out < need:
    print(utt_id, T_out, need)
```

இதில் `y` வாசகத்தின் குறி வரிசை. `T_out` நான்கால் வகுத்த தோராயம் அல்ல, மாடலிலிருந்து உண்மையில் வெளிவரும் நீளம். ஓரத்தில் பேடிங் இல்லாத, அகலம் 3, ஸ்ட்ரைடு 2 கொண்ட கன்வல்யூஷன் அடுக்குகள் இரண்டு இருந்தால் 80 முதலில் 39 ஆகும், பிறகு 19.

நாங்கள் செய்த பெரிய தவறு வேறு. லாஸ் `inf` என்று வந்தவுடன் பைடார்ச்சில் `zero_infinity=True` போட்டோம். எச்சரிக்கை போய்விட்டது. அந்தப் பதிவுகளின் லாஸும் கிரேடியன்ட்டும் பூஜ்யமாகிவிடும். சராசரியில் பூஜ்யமாகவே சேர்வதால் வரைபடமும் நல்லதாகத் தெரியும். விடுபட்டவை எல்லாம் வேகமான பேச்சு. மாடல் அவற்றை ஒருநாளும் கற்கவே இல்லை. அந்த அமைப்பு இருக்கட்டும், ஆனால் எத்தனை பதிவு இப்படி விழுகிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் எண்ணி எழுதுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. சுருக்கத்தை நான்கிலிருந்து இரண்டாக்கலாம்; கணக்கு நேரம் கூடும். இல்லாவிட்டால் உயிர்மெய்யை முழு எழுத்தாக ஒரே குறியாக்கலாம். அப்போது மேலே சொன்ன வாசகம் 13 குறிதான், 20-இல் தாராளமாக அடங்கும். தமிழுக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து, அபூர்வமான எழுத்துகளுக்குப் பயிற்சித் தரவு குறையும் என்றாலும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ‘அம்மா’வில் இப்போதும் பிளாங்க் தேவையில்லை, ம், மா வேறுவேறு. ‘மாமா’வுக்குத் தேவை: இரண்டு எழுத்து, மூன்று பிரேம்.

இதே குடும்பத்துத் தவறு, ஒவ்வொரு பதிவும் எத்தனை பிரேம் என்று லாஸுக்குச் சொல்லும் `input_lengths`-இல் வரும். பேட்ச்சில் நீளமான பதிவுக்கு ஏற்ப மற்றவற்றை நிரப்பிவிட்டு, நிரப்பிய நீளத்தையே எல்லாவற்றுக்கும் தருவது. அந்தச் சின்னப் பதிவு 10 வினாடிப் பதிவோடு சேர்ந்தால் 250 பிரேம் கிடைத்துவிடும், `inf` வராது. ஆனால் மாடல் கடைசி எழுத்துகளை வெற்று இடத்தில் உமிழப் பழகும். தனியாக அதே பதிவைக் கொடுத்தால் ‘வந்துரு’வோடு நின்றுவிடும். அறிகுறி எளிது: ஒரே பதிவு, தனியாக ஒரு விடை, பேட்ச்சில் வேறு விடை.

மாடல் சொன்ன குறிகளை வாசகமாக்கும் டிகோடிங்கில் வரிசை மாறினாலும் எழுத்து தொலையும். `_` என்பது பிளாங்க். `a k k _ k a` என்று வந்தால் முதலில் ஒன்றாக்கி, பிறகு பிளாங்க்கை நீக்க `akka`. தலைகீழாகச் செய்தால் `aka`.

கடைசியாக, நேரக் குறிப்பு. பயிற்சி பெற்ற மாடல் பெரும்பாலான பிரேம்களில் பிளாங்க் சொல்லி, எழுத்துக்கு ஓரிரு பிரேமில்தான் கூர்மையாக எழும். அந்த முனை எழுத்தின் தொடக்கமும் அல்ல, முடிவும் அல்ல. அதை வைத்துப் பதிவை வெட்டினோம். ‘அக்கா’வின் முதல் அகரமே பல கோப்புகளில் இல்லாமல் போனது.