அறை உறுதி என்று யார் சொல்வது?

ஏற்காட்டில் ஆறு அறைகள் உள்ள ஒரு காட்டேஜுக்கு வாட்ஸ்அப் சாட்பாட் செய்து கொடுத்தேன். கோடை விழா நெருங்கிய ஒரு சனிக்கிழமை, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. அவர்கள் கைபேசியில் அறை உறுதியாகிவிட்டது என்ற செய்தி இருந்தது. பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. உரிமையாளர் எனக்குப் போன் செய்து, "தம்பி, நீங்களே வந்து இவர்களிடம் சொல்லுங்கள்" என்றார்.

நடந்தது இதுதான். முன்பணம் கட்டும் இணைப்பைச் சாட்பாட் அனுப்பியது. வாடிக்கையாளர் "பணம் அனுப்பிவிட்டோம்" என்று எழுதினார். உண்மையில் பணம் பாதியில் நின்று அவர் கணக்குக்கே திரும்பியிருந்தது. ஆனால் சாட்பாட்டுக்குள் பதில்களை எழுதும் மொழி மாதிரி அந்த வாக்கியத்தைப் படித்து, அதற்குப் பொருத்தமான அடுத்த வாக்கியத்தை எழுதிவிட்டது: நன்றி, அறை உறுதி. அது பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. உரையாடல் போகும் திசையைப் பார்த்துச் சொன்னது. பதிவேட்டில் எழுதும் அனுமதியை நான் அதற்குத் தரவே இல்லை. தராவிட்டால் பயமில்லை என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. எழுத முடியாவிட்டாலும் எழுதிவிட்டதாகச் சொல்ல அதனால் முடியும்.

இப்போது அந்த ஒரு செய்தி மாதிரியின் வாயிலிருந்து வருவதே இல்லை. கட்டணச் சேவையின் சர்வர் பணம் வந்ததை அறிவித்து, பதிவேட்டில் முன்பதிவு ஏறிய பிறகு, நிரலே முன்கூட்டி எழுதிவைத்த வாக்கியத்தை அனுப்புகிறது. வாடிக்கையாளர் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினாலும், "சரிபார்க்கிறோம்" என்பதற்கு மேல் பதில் கிடையாது.

சூடு கண்ட பூனையாக, அடுத்து எதிர்த்திசையில் ஓடினேன். பதிவு முழுவதும் நிரல் கேட்கும் நிலையான கேள்வி வரிசை, மற்றதெல்லாம் மாதிரியின் பொறுப்பு என்று தலைப்பு வாரியாகப் பிரித்தேன். அதுவும் தவறு. வரிசை தேதி கேட்கும்போது ஒருவர் எழுதினார்: "அடுத்த சனிக்கிழமை, இரண்டு அறை. டெம்போ டிராவலர் வாசல் வரை வருமா?" சரியான தேதியை உள்ளிடவும் என்று மூன்று முறை பதில் போனது. அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பிரிக்க வேண்டியது தலைப்பை அல்ல, வேலையை. வரும் செய்தியைப் புரிந்துகொள்வது எப்போதும் மாதிரியின் வேலை. அடுத்த அடி எது, எது பதிவாகும் என்பது எப்போதும் நிரலின் வேலை. மேலே சொன்ன செய்தியை மாதிரி இப்படிப் பிரித்துத் தந்தால் போதும்:

```json
{"date_text": "அடுத்த சனிக்கிழமை", "rooms": 2,
 "question": "டெம்போ டிராவலர் வாசல் வரை வருமா?"}
```

அறை எண்ணிக்கையை நிரல் குறித்துக்கொள்கிறது. கேள்வி தனியாக இன்னொரு முறை மாதிரிக்குப் போகிறது. கூடவே காட்டேஜ் பற்றிய குறிப்புகள் மட்டும் போகின்றன, பழைய உரையாடல் போவதில்லை. பதிவுப் பேச்சே கண்ணில் படாததால், அறை உறுதி என்று எழுத அதற்கு முகாந்திரமே அநேகமாக இல்லை. குறிப்பில் விடை இல்லாவிட்டால், உரிமையாளர் அழைப்பார் என்ற நிலையான வரி போகும். பிறகு விட்ட இடத்திலிருந்து நிரல் தேதியைக் கேட்கும். எந்த அடியில் நிற்கிறோம் என்பதை நிரல் தன் அட்டவணையில் வைத்திருக்க வேண்டும்; உரையாடலைப் படித்து மாதிரி ஊகிக்கட்டும் என்று விட்டால், நான்கைந்து கேள்விகளுக்குப் பின் அது தடம் மாறும்.

தேதியை ஏன் சொல்லாகவே வாங்குகிறேன்? புதன்கிழமை ஒருவர் "அடுத்த சனி" என்றால் மூன்று நாள் கழித்தா, பத்து நாள் கழித்தா? நம் வீட்டிலேயே இதற்குச் சண்டை வரும். மாதிரிக்கோ, நாம் சொல்லாவிட்டால் இன்று என்ன தேதி என்றே தெரியாது. அதனால் நிரல் கணக்கிட்டு "17 மே சனி", "24 மே சனி", "வேறு தேதி" என்று மூன்று பொத்தான்கள் காட்டுகிறது. வாட்ஸ்அப் ஒரு செய்தியில் மூன்று பதில் பொத்தான்கள்தான் தரும். இங்கே அது போதும்.

ரத்து விதியையும் வாடகையையும் மாதிரி தன் சொற்களில் சொல்ல விடாதீர்கள். 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம், ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு அந்த நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. எங்கள் சாட்பாட்டில் ரத்து பற்றிய கேள்வி என்று மாதிரி அடையாளம் காட்டும். உரிமையாளர் ஒப்புக்கொண்ட பத்தி ஓர் எழுத்து மாறாமல் போகும்.

வாரம் ஒருமுறை, அனுப்பிய செய்திகளில் "உறுதி", "பதிவாகி", "பணம் வந்தது" என்ற சொற்களைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் வரி இருக்கிறதா என்று ஒப்பிடுகிறேன். போன வாரம் ஒன்று சிக்கியது. பதற்றத்தோடு திறந்தால், "குளிர் உறுதி, கம்பளி கொண்டு வாருங்கள்" என்று இருந்தது.