ஒரே தரவு, இரண்டு கதைகள்: ஹிஸ்டோகிராமில் பிரிவின் அகலம் செய்யும் வேலை

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்றொரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அவ்வப்போது பீறிட்டு எழும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அது 272 முறை பீறிட்டபோது ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீடித்தது, அடுத்த முறைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது என்ற பதிவு, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுடன் `faithful` என்ற பெயரில் சேர்ந்தே வருகிறது. புள்ளியியல் படித்தவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்த தரவுதான். ஆனாலும் மதிப்புகளைப் பிரிவுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை விழுகின்றன என்று பட்டைகளாக வரையும் ஹிஸ்டோகிராமில் பிரிவின் அகலம் எப்படியெல்லாம் ஆளை ஏமாற்றும் என்று காட்ட இதைவிடப் பொருத்தமான தரவு எளிதில் கிடைக்காது.

நீடித்த நேரம் 1.6 நிமிடம் முதல் 5.1 நிமிடம் வரை பரவியிருக்கிறது. எல்லோரும் செய்வதுபோல முழு நிமிடங்களையே எல்லைகளாக வைத்து எண்ணிப் பார்ப்போம். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் 51 முறை, இரண்டிலிருந்து மூன்றுக்குள் 46, மூன்றிலிருந்து நான்குக்குள் 37, நான்கிலிருந்து ஐந்துக்குள் 134, அதற்கு மேல் 4. படத்தில் தெரிவது ஒரே ஒரு பெரிய முகடு. அதன் இடப்பக்கம் தாழ்வான ஒரு நீண்ட வால். இதைப் பார்ப்பவர், ‘பெரும்பாலும் நான்கரை நிமிடம் நீடிக்கும், சில சமயம் கொஞ்சம் முன்பாகவே ஓய்ந்துவிடும்’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அகலத்தை மாற்றாமல் தொடக்கப் புள்ளியை மட்டும் அரை நிமிடம் தள்ளி, 1.5-இலிருந்து எண்ணுவோம். இப்போது எண்ணிக்கைகள் 92, 12, 103, 65. வால் போன இடம் தெரியவில்லை. இரண்டு முகடுகள் எழுந்து நிற்கின்றன. நடுவே ஏறக்குறைய வெறுமையான பள்ளம். கதையே மாறிவிட்டது: இந்த ஊற்று இரண்டு விதமாகப் பீறிடுகிறது. ஒன்று ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுவது, மற்றொன்று நான்கு நிமிடத்தைத் தாண்டுவது. இடைப்பட்டது அரிது.

இரண்டில் எது உண்மை என்பதை அரை நிமிடப் பிரிவுகளில் பார்த்தால் தெரிந்துவிடும். 1.5-இலிருந்து தொடங்கினால் எண்ணிக்கைகள் இவை:

51, 41, 5, 7, 30, 73, 61, 4

பள்ளம் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்கிறது. அதில் இருப்பவை வெறும் 12. முழு நிமிட எல்லை அந்தப் பள்ளத்தை 3 என்ற இடத்தில் சரிபாதியாக வெட்டியது. இடப்பக்கப் பாதியில் இருந்த 5, பக்கத்திலிருந்த 41-உடன் சேர்ந்து 46 ஆனது. வலப்பக்கப் பாதியின் 7, 30-உடன் சேர்ந்து 37 ஆனது. பள்ளத்தின் இரண்டு பாதிகளையும் இரண்டு முகடுகளின் சரிவுகள் மூடி மறைத்துவிட்டன.

முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. அகலத்தைப் பற்றி யோசிப்பவர்கள்கூடத் தொடக்கப் புள்ளியைப் பற்றி யோசிப்பதில்லை. ஒரு பள்ளமோ முகடோ எவ்வளவு அகலமோ, பிரிவும் அதே அகலத்தில் இருந்தால், அது கண்ணில் படுவது எல்லைகள் தற்செயலாக எங்கே விழுகின்றன என்பதைப் பொறுத்தது. பிரிவின் அகலம் பள்ளத்தின் அகலத்தில் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருந்தால்தான், எங்கிருந்து தொடங்கினாலும் குறைந்தது ஒரு பிரிவாவது முழுமையாகப் பள்ளத்துக்குள் விழும். இங்கே பள்ளம் ஒரு நிமிடம். ஆகவே அரை நிமிடம் பாதுகாப்பானது, ஒரு நிமிடம் வெறும் சூதாட்டம். பள்ளம் எவ்வளவு அகலம் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்பதால், தொடக்கப் புள்ளியை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதே வழி:

```r
x <- faithful$eruptions
par(mfrow = c(2, 2))
for (s in c(0, 0.25, 0.5, 0.75))
  hist(x, breaks = seq(s, 7, by = 1), right = FALSE)
```

நான்கு படங்களும் ஒரே கதையைச் சொல்லாவிட்டால், அந்த அகலத்தை வைத்துக்கொண்டு எந்தக் கதையும் சொல்லக்கூடாது.

ஒரே முகட்டுப் படத்தை நம்பியவர் அடுத்ததாகச் சராசரியை எடுப்பார். அது 3.49 நிமிடம். ‘இந்த ஊற்று சராசரியாக மூன்றரை நிமிடம் பீறிடும்’ என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் 3-க்கும் 3.5-க்கும் இடையே நீடித்தவை 272-இல் ஏழே ஏழு. நடைமுறையில் மிக அரிதாக நடப்பதை வழக்கமாக நடப்பதென்று சொல்லியிருக்கிறோம். காத்திருக்கும் நேரத்திலும் இது எதிரொலிக்கும். குறுகிய பீறிடலுக்குப் பிறகு அடுத்தது சீக்கிரமே வந்துவிடுகிறது. நீண்டதற்குப் பிறகு நெடுநேரம் காக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் கலந்து ஒரே சராசரி சொன்னால், காத்திருப்பவருக்கு அது எந்த வகையிலும் பயன்படாது.

சூத்திரத்தின் கையில் விட்டுவிடுவது

‘நானாக ஏன் அகலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குத்தான் விதிகள் இருக்கின்றனவே’ என்பது அடுத்த தவறு. ஸ்டர்ஜஸ் 1926-இல் ஒன்றைத் தந்தார், ஸ்காட் 1979-இல் ஒன்று, ஃப்ரீட்மனும் டயகோனிஸும் 1981-இல் இன்னொன்று. கடைசியானதற்கு நல்ல பெயர் உண்டு. ஓரிரு அசாதாரண மதிப்புகளால் அது எளிதில் ஆட்டங்காணாது. அதன் வடிவம் இது:

```
h = 2 * IQR / n^(1/3)
```

`h` பிரிவின் அகலம், `n` பதிவுகளின் எண்ணிக்கை. `IQR` என்பது, தரவை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பாதித் தரவு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதன் அளவு. நம் தரவில் அது 2.16-இலிருந்து 4.45 வரை, அதாவது 2.29 நிமிடம். 272-இன் கனமூலம் 6.48. ஆகவே `h` ஏறத்தாழ 0.71 நிமிடம். அரை நிமிடம் பாதுகாப்பு என்று மேலே கண்டோம்; விதி அதைத் தாண்டிப் போகச் சொல்கிறது.

ஏன் இப்படி? அந்த 2.29 நிமிடம் எந்தக் குவியலின் பரவலையும் அளக்கவில்லை. இரண்டு குவியல்களுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் அளந்திருக்கிறது. விதிக்குக் குவியல் இரண்டு என்பது தெரியாது. ஒரே ஒரு அகன்ற மேடு என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற அகலத்தைத் தருகிறது. ஸ்காட்டின் விதியும் மொத்தத் திட்டவிலக்கத்தையே பயன்படுத்துவதால் 0.61 என்று சொல்லி அதே பள்ளத்தில் விழுகிறது. மூன்று நிமிடத்தில் தரவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஸ்காட் விதியைத் தனித்தனியே போட்டால் 0.2 முதல் 0.25 நிமிடம் வரை வருகிறது. முன்பு சொன்னதில் பாதிகூட இல்லை. முகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக விலக விதி தரும் அகலமும் வளர்கிறது. விதியின் விடையைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அதில் பாதியையும் கால்வாசியையும் கட்டாயம் வரைந்து பார்க்க வேண்டும்.

ஆர் மென்பொருளில் இன்னொரு நுணுக்கம். `breaks = 10` என்று கேட்டால் பத்துப் பிரிவு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அது அந்த எண்ணை ஓர் ஆலோசனையாகவே எடுத்துக்கொண்டு, எல்லைகளை அழகான எண்களுக்கு நகர்த்திவிடும். இந்தத் தரவுக்கு ஸ்டர்ஜஸ் விதி பத்துப் பிரிவு என்கிறது. படத்தில் வருவதோ அரை நிமிட அகலத்தில் எட்டு. ஆகவே ஒன்றும் சொல்லாமல் விட்டாலும் ஆர் இரண்டு முகடுகளையும் காட்டிவிடுகிறது. அதிர்ஷ்டம்தான், வேறென்ன.

பதிவு செய்த அளவைவிட நுணுக்கமாக வெட்டுவது

அகலம் பெரிதானால் ஆபத்து என்றால் குறைத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு பொறி காத்திருக்கிறது. காத்திருந்த நேரம் முழு நிமிடங்களில் பதிவாகியிருக்கிறது: 43 முதல் 96 வரை. அதை 30 பிரிவுகளாக வெட்டினால் ஒவ்வொன்றின் அகலமும் 53/30, அதாவது 1.77 நிமிடம். சில பிரிவுகளுக்குள் இரண்டு முழு எண்கள் அகப்படும், சிலவற்றில் ஒன்றே ஒன்று. இரண்டு அகப்பட்ட பட்டை உயர்ந்தும், ஒன்று அகப்பட்டது தாழ்ந்தும் நிற்கும். படம் சீப்பின் பற்களைப்போல ஆகிவிடும். ஊற்றுக்கும் அந்தப் பற்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிரிவின் அகலம் பதிவின் அலகுக்கு முழு மடங்காக இருக்க வேண்டும்: இங்கே 2, 3, அல்லது 5 நிமிடம். எல்லைகளை 42.5, 44.5 என்று அரை எண்களில் வைத்தால் எந்த மதிப்பும் எல்லையின் மேலேயே வந்து உட்காராது.

எல்லையில் உட்காரும் மதிப்பு சிறிய விஷயமாகத் தோன்றலாம். மேலே தந்த அரை நிமிட எண்ணிக்கைகளில், எல்லையில் விழுவது வலப்பக்கப் பிரிவைச் சேரும். ஆர் மென்பொருளின் இயல்பு வழக்கம் அதற்கு நேர்மாறு, இடப்பக்கத்தில் சேர்க்கும். அப்படிச் சேர்த்தால் 73, 61 என்ற பக்கத்துப் பட்டைகள் 75, 54 ஆகின்றன. சரியாக 4.5 நிமிடம் என்று பதிவானவையே எட்டு இருப்பதால் வந்த மாற்றம் இது. ஆர் மென்பொருளின் உதவிப் பக்கமே இந்தத் தரவில் ஐந்து வினாடியின் மடங்குகள் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்று எச்சரிக்கிறது. அளந்தவர்கள் மனிதர்கள் அல்லவா.

அகலம் மேலும் குறைந்தால் தற்செயலின் ஆட்டம் படத்தை முழுதாகப் பிடித்துக்கொள்கிறது. 0.05 நிமிட அகலத்தில் 70 பிரிவுகள் வரும். ஒன்றுக்குச் சராசரியாக நான்கு பதிவுகூட இல்லை. ஒரு பட்டையின் எண்ணிக்கை, காரணமே இல்லாமல் ஏறக்குறைய அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏறி இறங்கும். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டோ ஆறோ வருவது சாதாரணம். இரண்டு பட்டைகளை ஒப்பிடும்போது அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைப் பார்க்கலாம். 73-க்கும் 61-க்கும் உள்ள வேறுபாடு 12. 134-இன் வர்க்கமூலமும் ஏறத்தாழ 12. ஆகவே இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. 41-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடு 36; 46-இன் வர்க்கமூலம் ஏழுக்கும் குறைவு. அந்தப் பள்ளம் நிஜமானது.

அகலங்களைக் கலப்பது

பள்ளத்தில் இருக்கும் 5, 7 என்ற சிறிய பட்டைகள் கண்ணை உறுத்துகின்றன என்று இரண்டையும் ஒரே ஒரு நிமிடப் பிரிவாகச் சேர்ப்பவர்கள் உண்டு. மற்றவை அரை நிமிடமாகவே இருக்கும்போது இந்தப் பட்டையை 12 உயரத்துக்கு வரைந்தால், பள்ளம் இருக்கும் ஆழத்தைவிட மேலேறித் தெரியும். கண் பார்ப்பது பரப்பளவை. அகலம் இரட்டிப்பானதால் உயரம் 6 ஆக வேண்டும். அகலங்கள் சமமில்லை என்று கண்டால் ஆர் தானாகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, பட்டையின் பரப்பளவு எண்ணிக்கைக்கு ஏற்ப அமையும் அடர்த்திக்கு மாறிக்கொள்ளும். பைத்தானில் `numpy.histogram` அப்படிச் செய்யாது. `density=True` என்று நாம்தான் கேட்க வேண்டும்.