கருமாதிப் பத்திரிகையில் தொடங்குங்கள்: மூன்று தலைமுறைக் கதையின் மாந்தர்களுக்குப் பெயர் வைக்கும் முறை

கடலூரில் பெரியவர் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அச்சடிப்பார்கள். அதில் இறந்தவரின் பெயருக்குக் கீழே மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று குடும்பம் முழுவதும் வரிசையாக வரும். மூன்று தலைமுறையின் பெயர்கள் ஒரே தாளில் வேறெங்கும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைப்பதில்லை. குடும்பக் கதை எழுத உட்காருகிறவர்கள் முதல் அத்தியாயத்துக்கு முன் தங்கள் கற்பனைக் குடும்பத்துக்கு இப்படி ஒரு பத்திரிகையை எழுதிப் பார்ப்பது நல்லது. அதை எழுதும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

இதை நான் கற்றது ஒரு தவறினால். என் முதல் கதையில் 1930-இல் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த ஒரு பாட்டிக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்திருந்தேன். அதைப் படித்துப் பார்த்த என் அத்தை, "எங்க அம்மா காலத்துல தேன்மொழின்னு யாருடா இருந்தா? குப்பம்மா, பச்சையம்மான்னுதான் இருந்தாங்க" என்று சிரித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டார்.

முதல் படி: பிறந்த ஆண்டை எழுதுங்கள்

கதை நடக்கும் ஆண்டுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. 2011-இல் நடக்கும் காட்சியில் எழுபத்தேழு வயதுக் கிழவி வந்தால், அவர் பெயர் 1934-ஆம் ஆண்டின் பெயர். ஆகவே ஒரு தாளில் ஒவ்வொருவருக்கும் நேரே பிறந்த ஆண்டை மட்டும் எழுதி, பெயருக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் தாத்தா 1928, பாட்டி 1934. பிள்ளைகள் 1952, 1955, 1959, 1964, 1969. ஒரே தலைமுறைக்குள்ளேயே மூத்தவருக்கும் கடைசிப் பிள்ளைக்கும் பதினேழு ஆண்டு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். ‘இரண்டாம் தலைமுறைப் பெயர்’ என்று ஒரே வகையை எல்லாருக்கும் வைத்தால் அங்கேயே பொய்த்துவிடும்.

இரண்டாம் படி: பெயர் வைத்தவர் யார்?

பெயர் அதைச் சுமக்கிறவரைப் பற்றிச் சொல்வதைவிட வைத்தவரைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். எனவே ஆண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்தக் குழந்தைக்குப் பெயர் சொன்னவர் யார் என்று எழுதுங்கள்: தாத்தாவா, தாய்மாமனா, பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியரா, எண்கணிதம் பார்த்தவரா? இந்தக் கட்டம் நிரம்பிவிட்டால் பெயர் பாதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: முதல் தலைமுறைக்குச் சாமியும் ஊரும்

1920, 30-களில் பிறந்த உழவர் குடும்பத்துக் குழந்தைக்குப் பெயர் பெரும்பாலும் குலதெய்வத்திலிருந்தோ, பக்கத்துக் கோயிலிலிருந்தோ, இறந்த முன்னோரிடமிருந்தோ வந்தது. ஆகவே உங்கள் கதையின் ஊருக்கு அருகிலுள்ள கோயில்களை எழுதிக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூர் என்றால் பாடலீஸ்வரரும் பெரியநாயகியும்; விருத்தாசலம் பக்கம் என்றால் கொளஞ்சியப்பர். கொளஞ்சி என்ற பெயரைப் படித்ததுமே இந்தப் பக்கத்து வாசகர் ஆளின் ஊரை ஊகித்துவிடுவார். பச்சையம்மன், அங்காளம்மன், திரௌபதி அம்மன் வழிபாடு மிகுந்த மாவட்டம் இது என்பதால் பச்சையம்மாள், அங்கம்மாள், தருமராசன் போன்ற பெயர்கள் இயல்பாகப் பொருந்தும்.

குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், எமன் கண்ணில் படாதிருக்கப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்றோ, பிச்சை என்றோ பெயரிடும் வழக்கம் இருந்தது. இத்தகைய பெயரை வைத்தால், அந்த வீட்டில் முன்பு இறந்த குழந்தைகளைப் பற்றி ஒரு வரியாவது உங்கள் கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரங்களில் இந்தத் தலைமுறைப் பெயரின் பின்னால் சாதிப் பட்டமும் வரும். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பட்டத்தை விடச் சொன்னது. கிராமத்துக் கிரயப் பத்திரங்களில் அது அவ்வளவு விரைவில் மறைந்துவிடவில்லை. நம் தாத்தா கோவிந்தசாமி, பாட்டி பச்சையம்மாள்.

நான்காம் படி: இரண்டாம் தலைமுறையில் பெயர்கள் மோதட்டும்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார்; நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார்; இராமையா அன்பழகன் ஆனார். பின்னிருவரும் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் என்பதால் இந்த மாவட்டத்துக்கு அது தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. ஆனால் இவர்கள் வளர்ந்தபின் தாங்களே பெயரை மாற்றிக்கொண்டவர்கள். அத்தகைய பெயர்கள் கிராமத்துத் தொட்டிலுக்கு வந்து சேர ஆண்டுகள் பல ஆயின. தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கியது என்று படித்துவிட்டு 1920-இல் பிறந்த குடியானவருக்கு இளங்கோவன் என்று பெயர் வைப்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடைவெளியில்தான்.

மேலும், புதிய பெயர் மூத்த பிள்ளைக்கு எளிதில் கிடைக்காது. மூத்த மகனின் பெயர் தந்தைவழித் தாத்தாவுக்கு உரியது. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் மரூஉதான். ஆகவே 1952-இல் பிறந்தவர் வைத்திலிங்கம். கோவிந்தசாமியின் அப்பா பெயர் அது. 1955-இல் பிறந்த பெண்ணுக்கு அம்மன் பெயர், பெரியநாயகி. 1959-இல் மூன்றாவது பிள்ளை பிறந்தபோது பச்சையம்மாளின் தம்பி சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாமன் சொன்ன பெயர் இளங்கோவன். தாத்தா பெயரிடும் உரிமை முதல் பிள்ளையோடு தீர்ந்துவிட்டதால் கோவிந்தசாமி முணுமுணுப்போடு விட்டுக்கொடுத்தார். 1964-இல் தமிழ்ச்செல்வி. 1969-இல் பிறந்த கடைக்குட்டிக்கு யாருக்கும் பொறுமையில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பெயரே வைக்கப்பட்டது, ரவி. ஐந்து பெயர்களைச் சேர்த்துப் படித்தால் நாட்டில் நடந்தது தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றும் வீட்டுக்குள் நடந்த ஒரு காரணத்தால் வந்தது.

மருமக்களின் பெயர்களை இவர்களோடு பொருத்தமாக அடுக்கக் கூடாது. அவர்கள் வேறு வீட்டில், வேறு சாமி கும்பிட்டவர்களுக்குப் பிறந்தவர்கள். தமிழியக்கத்து இளங்கோவனின் மனைவி பெயர் விஜயலட்சுமியாக இருப்பதே இயல்பு.

ஐந்தாம் படி: மூன்றாம் தலைமுறைக்குச் சமரசம்

வைத்திலிங்கம் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தில் வேலைக்குப் போனார். நகரியத்தில் பல ஊர்க்காரர்கள் அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள். 1979-இல் மூத்த மகன் பிறந்தபோது முறைப்படி அவன் கோவிந்தசாமி. ஆனால் அவன் அம்மா ராஜேஸ்வரி மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார். நகரியத்துப் பள்ளியில் அந்தப் பெயர் பழையதாகவும் படும். எனவே பதிவேட்டில் கோவிந்தராஜ், வீட்டில் ராஜா. பெயர்ப் பாணி மாறுவதற்கு இதைவிட நம்பத்தக்க காட்சி எனக்குத் தெரியாது: பெரியவர் பெயரின் முன்பாதி மரியாதைக்கு நிற்கிறது, பின்பாதி காலத்துக்கு ஏற்ப மாறுகிறது, கூப்பிடும் பெயர் மருமகளின் கூச்சத்திலிருந்து பிறக்கிறது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் வந்து வாசகர் குழம்பும் சிக்கலும் இதனால் தீர்ந்துவிடும்.

நான்காண்டு கழித்துப் பிறந்த தங்கைக்கு இத்தகைய கடன் எதுவும் இல்லை, அவள் கவிதா. பெண் பிள்ளைகளின் பெயர் எப்போதும் ஓரடி முன்னால் நவீனமாவதற்கு, அவர்களுக்குத் தாத்தா பெயரைச் சுமக்கும் கடமை இல்லாததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இளங்கோவன் 1988-இல் மகனுக்குச் செழியன் என்று தானே பெயரிட்டார். 1991-இல் பிறந்த மகளுக்கு விஜயலட்சுமி பிடிவாதமாகப் பிரியதர்ஷினி என்று வைத்தார். ரவியின் மகன் 1998-இல் பிறந்தவன். அப்போது பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தும் எண்கணிதமும் வீட்டுக்குள் வந்திருந்தன. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்ற எழுத்துகள் உண்டு, அவன் விக்னேஷ்.

இந்த இடத்தில் கிரந்த எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். தாத்தா தலைமுறையில் ஷ, ஜ இருந்தாலும் ஊர் வாயில் கிருஷ்ணன் கிட்டிணனாகத் தேய்ந்திருக்கும். தமிழியக்கப் பெயர்கள் அவற்றை வேண்டுமென்றே ஒதுக்கின. எழுபதுகளுக்குப் பின் பிறந்தவர்களிடம் ‘ஷ்’ என்று முடியும் பெயர்கள் குவிந்திருக்கும். உங்கள் பட்டியலில் மூன்று தலைமுறையிலும் கிரந்தம் ஒரே அளவில் பரவியிருந்தால் ஏதோ தவறு.

ஆறாம் படி: புதுச்சேரிக் கிளை

பெரியநாயகியை 1974-இல் வில்லியனூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் மகள் கோகிலா. அவ்வூர்க் கோயிலின் அம்மன் கோகிலாம்பிகை. புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், மருமகன் வீட்டுப் பெரியவர்களின் பழைய சான்றிதழ்களில் பெயரின் உகரம் ‘ஓ, யு’ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கும். கடலூரில் அதே முத்துசாமிக்கு ‘யு’ மட்டும்தான். இரண்டு ஊரிலும் சொத்துள்ள குடும்பத்தில் இந்த ஓரெழுத்து வேறுபாடு ஒரு வாரிசுச் சான்றிதழ் அத்தியாயத்துக்கே போதும்.

ஏழாம் படி: சரிபார்த்தல்

வாக்காளர் பட்டியலில் வாக்காளரின் பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும் வயதும் இருக்கும். உங்கள் கதை ஊருக்குரிய ஒரு பாகத்தை எடுத்து, எழுபது வயதைக் கடந்தவர்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளிலும் முப்பதை ஒட்டியவர்களின் பெயர்களை இன்னொரு தாளிலும் எழுதுங்கள். தந்தை பெயர்க் கட்டத்திலிருந்து இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகலாம். ஒருவரின் பெயரையும் தந்தை பெயரையும் இணைத்து அப்படியே கதைக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். அவர் அடுத்த தெருவில் இருப்பார். உள்ளூர்க் கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதியிருக்கும் பெயர்களும் உதவும்.

பிறகு பத்திரிகையை எழுதி, உரக்கப் படியுங்கள். நம் குடும்பத்துக்கு 2011-இல் அது இப்படி வரும்:

இறைவனடி சேர்ந்த கோ. பச்சையம்மாள் (வயது 77) அவர்களின் காரியம்.
மகன்கள், மருமகள்கள்: கோ. வைத்திலிங்கம் – ராஜேஸ்வரி, கோ. இளங்கோவன் – விஜயலட்சுமி, கோ. ரவி – கீதா.
மகள்கள், மருமகன்கள்: பெரியநாயகி – சுப்பராயன், தமிழ்ச்செல்வி – பாலு.
பேரன், பேத்திகள்: கோவிந்தராஜ், கவிதா, கோகிலா, செழியன், பிரியதர்ஷினி, விக்னேஷ்.

தமிழ்ச்செல்விக்குப் பிள்ளைகள் பெயர் இல்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவருக்குக் குழந்தை இல்லையா, அல்லது அச்சுக்குக் கொடுத்த அண்ணன் விட்டுவிட்டாரா என்பதைக் கதைதான் சொல்ல வேண்டும்.